மகளின் சம்பளச் சீட்டும் அம்மாவின் கடிதமும்

வாசகர் கடிதம்

என் மகள் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 2025 ஜூன் 2 அன்று முதல் வேலையில் சேர்ந்தாள். ஆண்டுக்கு ரூ.2,78,124 என்று பணி ஆணையில் இருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 23,177. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கைக்கு வந்தது 18,050. செப்டம்பரில் அதுவும் குறைந்து 16,800. அவள் தனியாகத் தங்கியிருப்பதால் சம்பளச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பிடித்தத்தையும் விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பும் முன் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

“கண்ணு, பி.எஃப். உன் பணம்தான். வேலையை விட்டதும் மொத்தமாக எடுத்துக்கலாம். நீ போடும் 1,800-ஐக் கம்பெனியும் போடும், ஆக மாதம் 3,600 சேரும். ஆனால் பேசிக் 12,000-க்கு 12 சதவீதம் 1,440தானே வரும்? 360 கூடப் பிடிக்கிறார்கள், கேள். முடிந்தால் பி.எஃப்.பே வேண்டாம் என்று எழுதிக் கொடு, செலவுக்கு ஆகும். இ.எஸ்.ஐ. 150 வீண், நிறுத்தச் சொல். செப்டம்பரில் பிடித்த 1,250 வருமான வரி, கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும்.”

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். அவள் அப்பா இல்லை. வேறு பிள்ளைகளும் இல்லை.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை அனுப்பும் முன் கேட்டது நல்லதாயிற்று. பி.எஃப். உங்கள் மகளின் பணம் என்று எழுதியிருப்பது சரி. மற்ற வரிகளில் பெரும்பாலானவற்றைத் திருத்த வேண்டும். இரண்டு இடங்களில் நீங்கள் சொன்னபடி அவள் நடந்தால் நஷ்டம் அவளுக்குத்தான்.

முதலில் அந்த 23,177. பணி ஆணையில் போடுவது சம்பளம் மட்டுமில்லை, அவளை வேலைக்கு வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. நீங்கள் அனுப்பிய சீட்டின்படி அவளுடைய மாதச் சம்பளம் 20,000: அடிப்படை 12,000, வீட்டு வாடகைப் படி 5,000, சிறப்புப் படி 3,000. மீதி 3,177 அவளுக்காக நிறுவனம் வேறு இடங்களில் கட்டுவது அல்லது ஒதுக்கி வைப்பது. பி.எஃப்.புக்கு நிறுவனத்தின் பங்கு 1,800, இ.எஸ்.ஐ.க்கு 650, பி.எஃப். அலுவலகத்தின் நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து 150, பணிக்கொடைக்கு 577. இதில் எதுவும் சீட்டின் பிடித்தப் பகுதியில் வரக் கூடாது, உங்கள் சீட்டில் வரவும் இல்லை. சில இடங்களில் நிறுவனத்தின் பங்கையும் ஊழியரின் பிடித்தத்திலேயே காட்டி 3,600 கழிப்பதுண்டு. அது சட்டப்படி கூடாது. என்றைக்காவது அப்படி ஒரு வரியைப் பார்த்தால் அவள் உடனே எழுதிக் கேட்கலாம்.

பணிக்கொடை இப்போது கைக்கு வராது. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்து விலகும்போதுதான் வரும். ஆகவே 20,000-ஐ வைத்தே கணக்குப் போடச் சொல்லுங்கள். 23,177-ஐ நம்பி வாடகைக்கு வீடு பார்க்க வேண்டாம்.

பி.எஃப்.: 1,800 சரியான தொகைதான்

அந்த 360 ரூபாய் உங்களை உறுத்தியது நியாயமே. பி.எஃப். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல நிறுவனங்களும் முன்பு அப்படித்தான் செய்துவந்தன. பங்குத் தொகையைக் குறைக்க அடிப்படையைச் சிறியதாக வைத்துவிட்டு, மீதியைச் சிறப்புப் படி என்ற பெயரில் கொடுப்பார்கள். எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படி அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டு வாடகைப் படி மட்டும் சட்டத்திலேயே விலக்கப்பட்டிருக்கிறது. ஆக 12,000-உடன் 3,000 சேர்ந்து 15,000. அதற்கு 12 சதவீதம் 1,800. உங்கள் மகளின் நிறுவனம் ஒழுங்காகக் கணக்கிடுகிறது என்பதற்கு இதுவே அடையாளம். “360 கூடப் பிடிக்கிறார்கள், கேள்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த 360-க்கு இணையாக நிறுவனமும் 360 கூடுதலாகப் போடுகிறது.

ஜூன் சீட்டைப் பார்த்தால் அதில் பி.எஃப். 1,740 என்றுதான் இருக்கும். தவறில்லை. ஜூன் 2-இல் சேர்ந்ததால் முப்பதில் இருபத்தொன்பது நாள் சம்பளம். 15,000 அந்த மாதம் 14,500 ஆகிவிட்டது. அதற்கு 12 சதவீதம் 1,740. சம்பளமில்லா விடுப்பு எடுக்கும் மாதத்திலும் இப்படித்தான் குறையும்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க முடியுமா? அவளால் முடியாது. முதன்முதலாக வேலைக்கு வரும்போதே பி.எஃப். கணக்கிடும் ஊதியம் 15,000-க்கு மேல் இருப்பவர்கள் மட்டும்தான் விலகி நிற்கலாம். அவளுக்கு மிகச் சரியாக 15,000. கட்டாயம் சேர வேண்டும். இது அவளுக்கு நன்மையே என்பேன், காரணம் அடுத்ததில் இருக்கிறது.

மாதம் 3,600 சேரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று பத்திகள் தெரியும்: ஊழியர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 550, ஓய்வூதியப் பங்கு 1,250. நிறுவனம் போடும் 1,800-இல், 15,000 ஊதியத்துக்கு 8.33 சதவீதம், அதாவது 1,250, ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே வட்டியோடு வளர்வது மாதம் 2,350 மட்டும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். கம்பெனி 1,250-ஐ விழுங்கிவிட்டது என்று அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுபவர்களும் உண்டு, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த 1,250-க்கு வட்டி கிடையாது. அதன் பலன் வேறு விதமாக வரும். பத்தாண்டுப் பணி சேர்ந்தால் 58 வயதில் ஆயுள் முழுக்க மாத ஓய்வூதியம். ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 15,000 ஊதியத்தில் பத்தாண்டுக்கு மாதம் 2,143, முப்பத்தைந்து ஆண்டுக்கு 7,500. பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதை வைத்து இது வளர்கிறது என்று பாருங்கள்: போட்ட பணத்தை வைத்து அல்ல, ஆண்டுகளை வைத்து.

“வேலையை விட்டதும் மொத்தமாக எடுத்துக்கலாம்” என்பது உங்கள் கடிதத்தில் மிகவும் தவறான வரியாவது இதனால்தான். முதல் வேலையில் இருப்பவர்கள் இரண்டு, மூன்று ஆண்டில் மாறுவது சகஜம். மாறும்போதெல்லாம் எடுத்தால் ஓய்வூதியத்துக்கான ஆண்டுகள் ஒவ்வொரு முறையும் அழிந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முப்பது வருடம் உழைத்தும் பத்தாண்டு சேராதவர்கள் இருக்கிறார்கள். வரிச் சிக்கலும் வரும். ஐந்தாண்டுக்குள் எடுத்தால் அந்தப் பணம் வருமானத்தில் சேரும். 50,000-க்கு மேல் இருந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இரண்டே ஆண்டில் அவள் கணக்கில் வட்டியில்லாமலே 56,400 இருக்கும், ஆகவே இது அவளுக்கும் பொருந்தும். வரி கட்டும் அளவுக்கு அவளுக்கு வருமானம் இல்லாததால் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் வீண் அலைச்சல்.

எடுப்பதற்குப் பதில் மாற்றிக்கொள்ள வேண்டும். அவளுக்கு யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க எண் கொடுத்திருப்பார்கள். அது வேலைக்கு வேலை மாறாது. புது நிறுவனத்தில் சேரும் நாளில் கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்தில் அந்த எண்ணை எழுதினால் போதும், பழைய பணத்தைப் புதிய கணக்குக்குக் கொண்டுவரலாம். பலர் ‘இதற்கு முன் பி.எஃப். இல்லை’ என்று அவசரத்தில் டிக் செய்துவிடுகிறார்கள். புதிதாக இன்னொரு எண் உருவாகி, இரண்டையும் இணைக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் அந்த இடத்தில் இப்படி மாற்றி எழுதலாம்:

“கண்ணு, பி.எஃப். உன் பணம். மாதம் 2,350 வட்டியோடு சேரும், இன்னொரு 1,250 உன் ஓய்வூதியத்துக்குப் போகும். வேலை மாறினால் எடுக்காதே, மாற்றிக்கொள். யு.ஏ.என். எண்ணை எனக்கும் அனுப்பி வை, நானும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.”

செப்டம்பரின் 1,250 எங்கே போயிற்று

ஓய்வூதியப் பங்கும் 1,250, இதுவும் 1,250 என்பதால் குழம்ப வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. செப்டம்பரில் பிடித்தது தொழில் வரி, அது மாநகராட்சிக்குப் போவது. வருமான வரி ஒன்றிய அரசுக்குப் போவது. தொழில் வரியைத் தாக்கல் செய்து திரும்ப வாங்க முடியாது.

தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் ஒன்று. அந்த ஆறு மாதத்தில் கிடைத்த மொத்தச் சம்பளத்துக்கு ஏற்ப வரி. சென்னையில் 75,000-ஐத் தாண்டினால் 1,250. உங்கள் மகள் நான்கு மாதமே வேலை பார்த்திருந்தாலும் ஜூனில் 19,333, பின் மூன்று மாதம் 20,000 என்று 79,333 வந்துவிட்டது. ஆகவே 1,250. அடுத்த அரையாண்டில் முழுச் சம்பளம் 1,20,000, அப்போதும் 1,250தான். ஒரு நபரிடம் ஆண்டுக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276-ஆவது பிரிவே வரம்பு போட்டிருக்கிறது. இன்னும் பத்து மடங்கு சம்பாதித்தாலும் இது இதற்கு மேல் ஏறாது.

சில நிறுவனங்கள் இதை மாதம் 208 ரூபாய் என்று பிரித்துப் பிடிக்கின்றன. அவள் நிறுவனம் அரையாண்டின் கடைசி மாதத்தில் மொத்தமாகப் பிடிக்கிறது. அப்படியென்றால் அடுத்தது மார்ச்சில் வரும், அந்த மாதச் செலவை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரையாண்டின் நடுவில் வேலை மாறினால், ஏற்கெனவே பிடித்ததைக் காட்டும் சீட்டைப் புது நிறுவனத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அங்கேயும் பிடிப்பார்கள்.

வருமான வரி, அதாவது டி.டி.எஸ்., என்ற வரிக்கு நேரே அவள் சீட்டில் பூஜ்யம் இருக்கும். ஆண்டுக்கு 2,40,000 சம்பளத்துக்கு வரி இல்லை. புதிய முறையில் 2025-26-இல் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி வராது.

டிசம்பரில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு சிறு தொகை பிடிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, மிகச் சொற்பம். அதற்காக எழுதிக் கேட்க வேண்டியதில்லை.

இ.எஸ்.ஐ.யை நிறுத்தச் சொல்ல வேண்டாம்

நிறுத்தவும் முடியாது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு தகவலால், இந்தப் பிடித்தங்களில் உங்களுக்கு மிக நெருக்கமானது இதுதான். இ.எஸ்.ஐ.யில் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் ஊழியரைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் வருகிறார்கள். தையல் வருமானம் வரம்புக்குள் இருந்தால் நீங்களும் சிகிச்சை பெறலாம். மகள் கொடுப்பது 20,000-இல் 0.75 சதவீதம், 150 ரூபாய். நிறுவனம் 3.25 சதவீதம், 650 ரூபாய் போடுகிறது. மாதம் 800 ரூபாயில் இருவருக்கும் மருத்துவம். இந்த விலைக்கு வெளியே எந்தக் காப்பீடும் கிடைக்காது.

ஆனால் தானாக நடந்துவிடாது. பதிவில் உங்கள் பெயர், பிறந்த தேதி, புகைப்படம், ஆதார் ஆகியவற்றை அவள் சேர்த்திருக்க வேண்டும். தனியாள் என்று நினைத்துப் பெரும்பாலான இளையவர்கள் குடும்பப் பகுதியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். மனிதவளப் பிரிவில் கேட்டு உங்களைச் சேர்த்த பின், அந்த அட்டையை அச்செடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் வேறு ஊரில் இருப்பதையும் அங்கே சொல்ல வேண்டும், அப்போதுதான் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மருந்தகத்தைக் குறிப்பார்கள்.

சிகிச்சை வேலையில் சேர்ந்த நாள் முதலே உண்டு. உடல்நலமில்லாமல் விடுப்பில் இருக்கும் நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் ரொக்கமாகத் தருவது மட்டும், புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் தொடங்கும். அவளுக்கு 2026 மார்ச்சிலிருந்து. ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்த மாதமே இ.எஸ்.ஐ. நிற்காது. அது ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று ஆறு மாதப் பங்களிப்புக் காலமாக ஓடுகிறது. ஜனவரியில் சம்பளம் உயர்ந்தால் மார்ச் வரை, உயர்ந்த சம்பளத்துக்கே பிடிப்பார்கள். அதைத் தவறு என்று நினைக்க வேண்டாம், சிகிச்சையும் அதற்கேற்ப நீள்கிறது. இ.எஸ்.ஐ. நின்ற பிறகு உங்கள் இருவருக்கும் தனிக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவை ஊதிய உயர்வில் கழித்துப் பாருங்கள்.

சீட்டில் இருப்பது கணக்குக்குப் போனதா

சம்பளச் சீட்டு, பிடித்ததற்கு மட்டுமே சாட்சி. கட்டியதற்கு அல்ல. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். செப்டம்பர் பிடித்தம் அக்டோபர் கடைசி வாரத்தில் பி.எஃப். பாஸ்புக்கில் தெரிய வேண்டும். ஒரு மாதம் தாமதமானால் பதற வேண்டாம். இரண்டு மாதம் தொடர்ந்து காணவில்லை என்றால் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேட்கட்டும். வாயால் கேட்டால் பதிவு இருக்காது. பதில் இல்லையென்றால் epfigms.gov.in தளத்தில் சம்பளச் சீட்டை இணைத்துப் புகார் பதியலாம். ஊழியரிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வதைக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே கருதுகிறது, ஆகவே கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. இ.எஸ்.ஐ.யையும் அதே நாளில் பார்த்துவிடலாம். கட்டாமல் விட்ட மாதம் ரொக்கப் பலனுக்குத் தேவையான நாட்களிலிருந்து கழிந்துபோகும்.

பார்க்கும்போது பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். தந்தை பெயரில் முதலெழுத்து ஒன்று மாறியிருந்தாலும் பணத்தை மாற்றும்போது நின்றுபோகும். வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுவது நல்லது.

அங்கேயே நியமனதாரராக உங்கள் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பி.எஃப்.போடு 7 லட்சம் வரையிலான ஆயுள் காப்பீடு இருக்கிறது. அதற்கு அவளிடம் ஒரு பைசாவும் பிடிப்பதில்லை, நிறுவனம் கட்டும் அந்த 150-இல் பாதி இதற்குத்தான். நாளை அவளுக்குத் திருமணமானால் இப்போதைய நியமனம் செல்லாததாகிவிடும், புதிதாகப் பதிய வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதல் பகுதி ஊதியமாகக் கணக்கிடப்படும் என்பது அதில் முக்கியமானது. அவளுக்கு விலக்குள்ள படி 5,000 மட்டுமே, அதனால் பி.எஃப். கணக்கு மாறாது. அடுத்த ஆண்டு சம்பளம் கூடி ஊதியம் 18,000 ஆனாலும் பி.எஃப். 1,800-இலேயே நிற்கக்கூடும், ஏனென்றால் சட்டம் கட்டாயப்படுத்துவது 15,000 வரைக்கும்தான். முழு ஊதியத்துக்கும் 12 சதவீதம் வேண்டுமென்றால் அவளும் நிறுவனமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை ஊதிய உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடட்டும்.